பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்தைச் சிறிதாக்கும்போது விளிம்பில் வெள்ளைக் கோடு: காரணமும் தவிர்க்கும் முறையும்

கொழும்பு செட்டியார் தெருவில் உள்ள ஒரு நகைக்கடைக்கு நாங்கள் இணையதளம் செய்தபோது நடந்த வேலையை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கடையின் இலச்சினை 1200க்கு 1200 பிக்சல் அளவுள்ள, பின்னணி நீக்கிய பிஎன்ஜி கோப்பாக வந்திருந்தது. கடையின் பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே தங்க நிறத்தில் எழுதப்பட்டிருந்தது. தளத்தின் மேற்பட்டை கருஞ்சிவப்பு. அதில் அந்த இலச்சினை 150க்கு 150 பிக்சலில் அமர வேண்டும். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி சிறிதாக்கிக் கொண்டுவந்த படத்தில் ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி மெல்லிய வெளிர்க்கோடு ஓடியது. “அண்ணை, பெரிய படத்தில வெள்ளையே இல்லை. சின்னனாக்கினா மட்டும் எங்கையிருந்து வருது?” என்று கேட்டார்.

உண்மையில் வெள்ளை அந்தப் பெரிய படத்துக்குள்தான் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது என்பதுதான் விடயம்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மூலக் கோப்பு. வாடிக்கையாளர் கைபேசிச் செய்திச் செயலியில் இலச்சினையைச் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்படி அனுப்பும்போது படம் பெரும்பாலும் ஜேபெக் ஆக மாறிவிடுகிறது. ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லாததால் பின்னணி வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடுகிறது. அந்த வெள்ளையை யாராவது மந்திரக்கோல் கருவியால் வெட்டி எடுத்துத் திரும்பவும் பிஎன்ஜி ஆக்கினால், 4ஆம் பகுதியில் வரும் இரண்டாவது வகைக் கோளாறு அங்கேயே பிறந்துவிடுகிறது. கோப்பை ஆவணமாக அனுப்பும்படி கேளுங்கள்.

இரண்டாவது, படம் எந்த நிறத்தின் மேல் அமரப்போகிறதோ அந்த நிறத்தின் சரியான எண். எங்கள் மேற்பட்டையின் நிறம் `#4a0e16`. வெளிர் விளிம்பு வெள்ளைப் பக்கத்தின் மேல் தெரியாது. படத்தொகுப்பு மென்பொருள்கள் காட்டும் சாம்பல்-வெள்ளைக் கட்டங்களின் மேலும் ஏறக்குறைய மறைந்துபோகும். தம்பி தன் படத்தை அந்தக் கட்டங்களின் மேல் பார்த்துத்தான் சரி என்று அனுப்பியிருந்தார். புதியவர்கள் செய்யும் முதற்பிழை பெரும்பாலும் இதுவே.

மூன்றாவது, இமேஜ்மேஜிக்கும், நம்பையும் ஓப்பன்சிவியும் நிறுவிய பைத்தானும். கீழே உள்ள கட்டளைகள் இமேஜ்மேஜிக் 7ஆம் பதிப்புக்கானவை.

## 2. ஒளிபுகும் பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்பவர்களே பிறகு மணிக்கணக்கில் அழிப்பானோடு போராடுகிறார்கள்.

பிஎன்ஜி கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு எண்கள் உள்ளன: சிவப்பு, பச்சை, நீலம், ஆல்பா. முதல் மூன்றும் நிறத்தைச் சொல்கின்றன. ஆல்பா அந்த நிறம் எவ்வளவு மூடுகிறது என்பதைச் சொல்கிறது. ஆல்பா 255 என்றால் முழு மூட்டம், 0 என்றால் எதுவும் தெரியாது. பிஎன்ஜி தரநிலையின்படி இந்த நிற எண்கள் ஆல்பாவால் பெருக்கப்படாமல், தனித்தே சேமிக்கப்படுகின்றன. ஆகவே ஆல்பா 0 ஆக உள்ள பிக்சலிலும் நிறத்துக்கான மூன்று இடங்களும் காலியாக இருப்பதில்லை. அங்கே ஏதோ ஒரு நிறம் எழுதப்பட்டே இருக்கும். அது வெள்ளையாக இருக்கலாம், கறுப்பாக இருக்கலாம், அழிக்கப்பட்ட பழைய பின்னணியின் மிச்சமாகவும் இருக்கலாம்.

அதைக் கண்ணால் பார்க்க, ஆல்பாவை அணைத்துவிட்டுப் படத்தைச் சேமியுங்கள்:

```
magick logo.png -alpha off hidden.png
```

எங்கள் இலச்சினையை இப்படித் திறந்தபோது தங்க எழுத்துகளுக்கு வெளியே முழுவதும் தூய வெள்ளை நிரம்பியிருந்தது. படத்தை உருவாக்கிய மென்பொருள் அதை அங்கே எழுதியிருக்கிறது. கோப்பை அப்படியே முழு அளவில் பயன்படுத்தும்வரை அந்த வெள்ளையால் எந்தத் தீங்கும் இல்லை.

## 3. சிறிதாக்கும்போது அது எப்படி வெளியே வருகிறது

படத்தைச் சிறிதாக்குவது என்றால், அடுத்தடுத்த பல பிக்சல்களைச் சேர்த்து ஒரு சராசரிப் பிக்சல் செய்வது. 1200ஐ 150 ஆக்கும்போது எட்டுக்கு எட்டு, அதாவது 64 பழைய பிக்சல்கள் ஒரு புதிய பிக்சலாகின்றன. எழுத்தின் விளிம்பில் விழும் ஒரு 64ஐ எடுத்துக்கொள்வோம். அதில் 32 பிக்சல்கள் தங்கம் (184, 134, 11), ஆல்பா 255. மற்ற 32 பிக்சல்கள் ஒளிபுகுபவை. அவற்றுள் மறைந்திருப்பது வெள்ளை (255, 255, 255), ஆல்பா 0.

சிறிதாக்கும் நிரல் நான்கு எண்களையும் தனித்தனியே சராசரி எடுத்தால், புதிய பிக்சலின் நிறம் ஏறத்தாழ (220, 195, 133) ஆகிறது, ஆல்பா 128. ஆல்பா சரிதான், ஏனெனில் அந்த இடத்தில் பாதிதான் எழுத்து இருக்கிறது. நிறம்தான் பிழை. அது தங்கம் அல்ல, பால் கலந்த தங்கம். கண்ணுக்குத் தெரியாத 32 பிக்சல்களும் தெரிகிற 32 பிக்சல்களுக்குச் சமமாக நிறத்தைத் தீர்மானித்துவிட்டன.

இதைக் கருஞ்சிவப்பு (74, 14, 22) மேற்பட்டையின் மேல் வைத்தால் திரையில் தெரிவது ஏறத்தாழ (147, 104, 78). சரியாகச் செய்திருந்தால் தெரிந்திருக்க வேண்டியது (129, 74, 17). நீலத்தின் எண்ணைப் பாருங்கள்: 17 இருக்க வேண்டிய இடத்தில் 78. அந்த 61 தான் தம்பி கண்ட வெள்ளைக் கோடு.

இந்தக் கசிவுக்கு ஒரு எளிய அளவு உண்டு. ஆல்பாவை 0 முதல் 1 வரை உள்ள எண்ணாக எடுத்துக்கொண்டு `a` என்று குறித்தால், கசியும் அளவு இதுவாகும்:

```
a × (1 − a) × (மறைந்த நிறம் − உண்மை நிறம்)
```

`a` அரையாக உள்ள இடத்தில் இது உச்சத்தை அடைகிறது. இரு நிறங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் கால் பங்கு வெளியே வருகிறது. 255க்கும் 11க்கும் வேறுபாடு 244. அதன் கால் பங்கு 61. முழு எழுத்துக்குள்ளும் முழு வெறுமையிலும் கசிவு இல்லை, நடுவில் மட்டுமே உண்டு. வெளிர் விளிம்பு பெரும்பாலும் ஒரு பிக்சல் தடிப்புள்ள கோடாகத் தெரிவதற்கு இதுவே காரணம். மறைந்த நிறம் கறுப்பாக இருந்தால் இதே கணக்கில் கருங்கோடு வரும்.

மெல்லிய எழுத்துகளில் இது மிகவும் உறுத்தும். எங்கள் படத்தில் ‘ள்’ என்ற எழுத்தின் புள்ளி, 150 பிக்சலுக்கு வந்தபோது மூன்று பிக்சல் அகலமே இருந்தது. அதைச் சுற்றியுள்ள எட்டும் விளிம்புப் பிக்சல்கள், நடுவில் ஒன்றுதான் முழுத் தங்கம். புள்ளி தங்கமாகவே தெரியவில்லை. சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல் இருந்தது. சிங்கள எழுத்துகளின் சிறு சுழிகளிலும் அதே நிலைமை.

## 4. எந்த வகைக் கோளாறு என்று முதலில் பிரித்தறியுங்கள்

வெளிர் விளிம்பு இரண்டு வேறு வழிகளில் வரலாம்; இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகை மேலே சொன்னது: மூலம் சுத்தமானது, சிறிதாக்கும் முறைதான் பிழை. இரண்டாவது வகையில் மூலக் கோப்பின் விளிம்பிலேயே வெள்ளை கலந்திருக்கும். வெள்ளைத் தாளின் மேல் வரைந்த அல்லது படம்பிடித்த பொருளை வெட்டி எடுக்கும்போது, விளிம்பில் ஏற்கெனவே வெள்ளையோடு கலந்துபோன பிக்சல்கள் அப்படியே கூடவே வந்துவிடுகின்றன.

சோதனை இதுதான். மூலத்தைச் சிறிதாக்காமல், முழு அளவிலேயே உண்மையான பின்னணி நிறத்தின் மேல் வையுங்கள்:

```
magick logo.png -background "#4a0e16" -flatten test.png
```

இதை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இங்கேயே வெள்ளைக் கோடு தெரிந்தால் அது இரண்டாவது வகை. தெரியாவிட்டால் முதல் வகை.

ஐயம் தீரவில்லையென்றால் 2ஆம் பகுதியில் எடுத்த `hidden.png` படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுத்தமான மூலத்தில் அரைகுறையாக ஒளிபுகும் விளிம்புப் பிக்சல்களும் முழுத் தங்கமாகவே இருக்கும்; எனவே ஆல்பாவை அணைத்தால் எழுத்தின் ஓரம் படிக்கட்டுப் போலக் கரடுமுரடாகத் தெரியும். வெள்ளை கலந்த மூலத்திலோ ஓரம் மழமழவென்று வெள்ளைக்குள் கரையும். கரடுமுரடாகத் தெரிவதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். இந்த இடத்தில் படிக்கட்டுத்தான் நல்ல அறிகுறி.

எங்கள் இலச்சினை முதல் வகையைச் சேர்ந்தது. அதே தளத்துக்கு வந்த, தோட்டின் படம் ஒன்று இரண்டாவது வகை.

## 5. மூலத்தில் வெள்ளை கலந்திருந்தால் அதை முதலில் நீக்குங்கள்

சிறிதாக்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பெரிய படத்தில் எந்தப் பிக்சல் விளிம்பு, எது உட்பகுதி என்பது தெளிவாக இருக்கிறது. சிறிதாக்கிய பிறகு இரண்டும் ஒரே பிக்சலுக்குள் கலந்துவிடும். பிரிக்கும் கணக்கு அப்போது தோராயமாகிவிடும்.

இலச்சினை ஒரே நிறம் என்றால் வழி மிக எளிது. ஆல்பாவைத் தொடாமல், நிறத்தை மட்டும் படம் முழுவதும் தங்கமாக மாற்றிவிடுங்கள்:

```
magick logo.png -channel RGB -fill "#b8860b" -colorize 100 +channel clean.png
```

விளிம்பில் கலந்த வெள்ளையும், ஒளிபுகும் இடத்தில் மறைந்திருக்கும் வெள்ளையும் ஒரே அடியில் போய்விடுகின்றன. உருவத்தை ஆல்பா மட்டுமே சுமப்பதால் எழுத்து சிறிதும் மாறாது. இப்படிச் செய்த கோப்பை எந்த மோசமான நிரலிடம் கொடுத்தாலும் கசிவதற்கு வேறு நிறமே இல்லை. ஒற்றை நிற இலச்சினைகளுக்கு, கோளாறு இருக்கிறதோ இல்லையோ, நான் இதை முதல் வேலையாகவே செய்துவிடுகிறேன்.

பல நிறப் படத்துக்கு இது பொருந்தாது. ஃபோட்டோஷொப்பில் `Layer > Matting > Remove White Matte` என்ற கட்டளை ஒவ்வொரு விளிம்புப் பிக்சலிலும் கலந்துள்ள வெள்ளையைக் கழித்து எடுக்கிறது. ஜிம்பில் `Colors > Color to Alpha` உண்டு. ஆனால் அது படத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை ஒளிப்புள்ளிகளையும் ஓட்டையாக்கிவிடும் என்பதால், விளிம்பை மட்டும் தெரிவுசெய்துகொண்டு பயன்படுத்த வேண்டும். நகைப் படங்களில் இதை மறந்தால் கல்லின் பளபளப்பு முழுவதும் போய், பின்னணியின் கருஞ்சிவப்பு அதனூடே எட்டிப்பார்க்கும்.

இந்த இடத்தில் ஆல்பாவின் ஓரத்தை ஒரு பிக்சல் சுரண்டி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தம்பியும் அதையே முதலில் முயன்றார், அதுவும் சிறிதாக்கிய படத்தின் மேல். வெள்ளைக் கோடு போனது உண்மை. ஆனால் எழுத்தின் தடிப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் குறைந்து, ‘ள்’ எழுத்தின் புள்ளி ஒற்றைப் பிக்சலாகச் சுருங்கியது, மெல்லிய கோடுகள் அறுந்தன. தடித்த உருவத்துக்கு அது சமாளிப்பு, எழுத்துக்கு அது சேதம்.

## 6. சரியாகச் சிறிதாக்குதல்

சரியான வரிசை மூன்று அடிகள் கொண்டது. நிறத்தை ஆல்பாவால் பெருக்க வேண்டும். பெருக்கியதைச் சிறிதாக்க வேண்டும். பிறகு புதிய ஆல்பாவால் வகுத்து நிறத்தைத் திரும்பப் பெற வேண்டும். பெருக்கும்போது ஆல்பா 0 உள்ள பிக்சலின் வெள்ளையும் 0 ஆகிறது. அதற்குப் பிறகு அது சராசரியில் எதையும் சேர்க்க முடியாது. மேலே எடுத்த உதாரணத்தில் 32 தங்கப் பிக்சல்கள் மட்டும் நிறத்தைத் தருகின்றன, வகுத்தபின் (184, 134, 11) மாறாமல் திரும்புகிறது, ஆல்பா 128 ஆகவே நிற்கிறது.

இமேஜ்மேஜிக்கின் `-resize` இந்தப் பெருக்கலைத் தானாகவே செய்கிறது. பைத்தானின் பில்லோ நூலகத்தில் `Image.resize` கட்டளையும் `RGBA` படத்துக்கு அப்படியே செய்கிறது. ஆனால் அதே பில்லோவில் படத்தை நான்கு தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே சிறிதாக்கி, மீண்டும் சேர்த்தால் பாதுகாப்பு போய்விடும். வண்ணப்பட்டியல் வகைப் படமாக, அதாவது `P` முறையில் உள்ள பிஎன்ஜி ஆக இருந்தால் முதலில் `convert("RGBA")` செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பில்லோ சராசரி எடுக்காமல் அருகிலுள்ள பிக்சலைப் பொறுக்கி எடுத்து, ஓரம் பல்லுப் பல்லாக வரும்.

ஓப்பன்சிவியின் `cv2.resize` பெருக்குவதில்லை. அதற்கு நான்காவது தடம் ஆல்பா என்றே தெரியாது. நான்கும் அதற்கு வெறும் எண் வரிசைகள். தம்பியின் நிரல் இதைத்தான் நேரடியாக அழைத்திருந்தது. திருத்திய வடிவம்:

```python
import cv2, numpy as np

im = cv2.imread("logo.png", cv2.IMREAD_UNCHANGED)
im = im.astype(np.float32) / 255
a = im[:, :, 3:]
pre = np.dstack([im[:, :, :3] * a, a])

s = cv2.resize(pre, (150, 150), interpolation=cv2.INTER_AREA)
a2 = s[:, :, 3:]
rgb = s[:, :, :3] / np.maximum(a2, 1e-6)

out = np.clip(np.dstack([rgb, a2]), 0, 1)
cv2.imwrite("logo-150.png", np.round(out * 255).astype(np.uint8))
```

இதில் மூன்று இடங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். `IMREAD_UNCHANGED` இல்லாவிட்டால் ஆல்பா கோப்பிலிருந்து வாசிக்கப்படவே மாட்டாது. `float32` ஆக மாற்றாமல் 8 பிட் எண்களிலேயே பெருக்கி வகுத்தால், ஆல்பா மிகக் குறைந்த பிக்சல்களில் நிறம் சிதைந்துவிடும்: ஆல்பா 5 உள்ள இடத்தில் முழு எண்ணாக்கும்போது ஏற்படும் அரைப் புள்ளிப் பிழை, வகுக்கும்போது 51 மடங்காகப் பெருகி 25 புள்ளிகளைத் தாண்டும். மூன்றாவது, வகுக்கும் அடியையே மறந்துவிடுவது. அப்போது வெள்ளைக் கோட்டுக்குப் பதில் கறுப்புக் கோடு வரும். பெருக்கிய நிறம் இருண்டதாகவே கோப்புக்குள் போய், காட்டும்போது இரண்டாம் முறையும் ஆல்பாவால் பெருக்கப்படுவதே அதன் காரணம்.

`INTER_AREA` தெரிவுக்கும் காரணம் உண்டு. அது வெறும் பரப்புச் சராசரி. எந்தப் பிக்சலுக்கும் எதிர்மறை எடை கொடுப்பதில்லை. லான்சோஸ் போன்ற வடிகட்டிகள் கூர்மைக்காக எதிர்மறை எடைகளையும் கலக்கின்றன. அதனால் கடும் விளிம்புக்கு அருகே நிறம் வரம்பைத் தாண்டித் துள்ளி, எல்லாம் சரியாகச் செய்தபிறகும் இழையளவு வெளிர்க்கோடு தோன்றலாம். இமேஜ்மேஜிக், ஆல்பா உள்ள படத்துக்கு லான்சோஸை விட்டு மென்மையான மிட்செல் வடிகட்டியையே இயல்பாக எடுக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

## 7. பெரிய மூலம் இல்லை, கெட்ட சிறிய படம் மட்டுமே உண்டென்றால்

3ஆம் பகுதிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். பிழையாகச் சிறிதாக்கிய பிக்சலின் நிறம் என்பது, தங்கத்தில் ஆல்பா பங்கும், வெள்ளையில் மீதிப் பங்கும் சேர்ந்த கலவை. வெள்ளைத் தாளிலிருந்து வெட்டி எடுத்த விளிம்பும் இதே கலவைதான். அதாவது முதல் வகைக் கோளாறு நடந்து முடிந்தபின், கிடைக்கும் கோப்பு இரண்டாவது வகையைப் போலவே ஆகிவிடுகிறது. எனவே மறைந்த நிறம் வெள்ளை என்று தெரிந்தால் அதைக் கழித்துவிடலாம்:

```
நிறம் = (P − (1 − a) × 255) ÷ a
```

இங்கே `P` என்பது கோப்பில் உள்ள எண். எங்கள் பிக்சலில் நீலம் 133, `a` அரை: 133இலிருந்து 127.5ஐக் கழித்து அரையால் வகுத்தால் 11. தங்கம் திரும்பிவிட்டது. ஃபோட்டோஷொப்பின் `Remove White Matte` செய்வதும் இந்தக் கழித்தலையே. எனினும் ஆல்பா மிகக் குறைந்த பிக்சல்களில் மேலே சொன்ன 51 மடங்குப் பிழை இங்கும் வரும். மூலத்திலேயே அரைகுறை ஆல்பா நிறைய இருந்தால், உதாரணமாக மென்மையான நிழல் இருந்தால், விடை இன்னும் தோராயமாகும். மூலம் கிடைக்கும்வரை மட்டுமே இதை நம்புங்கள்.

## 8. சிறிதாக்குவது உங்கள் கையில் இல்லாதபோது

நீங்கள் பெரிய படத்தை ஏற்றிவிடுகிறீர்கள். சேவையகம் தானாகச் சிறுபடங்களை உண்டாக்குகிறது. அல்லது விளையாட்டு இயந்திரம் ஓடும்போதே படத்தைச் சுருக்குகிறது. அந்த நிரல் ஆல்பாவால் பெருக்குகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மாற்ற முடியாது. இந்த நிலையில் செய்யக்கூடியது, மறைந்திருக்கும் நிறத்தையே மாற்றிவிடுவது. ஒளிபுகும் இடத்தில் வெள்ளைக்குப் பதிலாக அருகிலுள்ள விளிம்பின் நிறத்தைப் பரப்பிவிட்டால், கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும். யூனிட்டி இயந்திரத்தில் உள்ள `Alpha Is Transparency` என்ற தெரிவு இந்தப் பரப்பலையே செய்கிறது.

ஒற்றை நிறத்துக்கு 5ஆம் பகுதிக் கட்டளை போதும். பல நிறப் படத்துக்கு, மேலே உள்ள நிரலில் `pre` வரிக்குப் பின், `imwrite` வரிக்கு முன் உள்ள வரிகளுக்குப் பதிலாக இதை வைத்து, சிறிதாக்காமல் முழு அளவிலேயே வேறு பெயரில் சேமியுங்கள்:

```python
k = cv2.GaussianBlur(pre, (0, 0), 6)
fill = k[:, :, :3] / np.maximum(k[:, :, 3:], 1e-6)
rgb = np.where(a > 0, im[:, :, :3], fill)
out = np.clip(np.dstack([rgb, a]), 0, 1)
```

மங்கலாக்கும் அளவு 6 என்பது எட்டு மடங்கு சுருக்கத்துக்கு ஏற்றது. நிறம் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 20 பிக்சல் தூரம் பரவும். சுருக்கம் இதைவிட அதிகமானால் அந்த எண்ணையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள். பரப்பிய நிறம் சுருக்கம் எட்டும் தூரத்துக்குப் போதாமல் நின்றுவிட்டால், அதற்கு அப்பாலுள்ள நிறம் மெல்லிய கோடாகத் திரும்பவும் வரும்.

இது சரியான கணக்குக்கு ஈடாகாது. பச்சைக் கல்லும் சிவப்புக் கல்லும் அடுத்தடுத்து இருக்கும் விளிம்பில் பரவிய நிறம் இரண்டின் கலவையாக இருக்கும். ஆனால் அந்தச் சிறு பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை, வெள்ளை தெரியும்.

## 9. கோப்பைச் சுருக்குவது கடைசி வேலை

பரப்பிய நிறத்தை யாரோ ஒருவர் கடைசியில் அழித்துவிடுவது வழக்கமான விபத்து. பிஎன்ஜி சுருக்கிகளில் சில தெரிவுகள், ஒளிபுகும் பிக்சலின் நிறத்தைத் தேவையற்றது என்று கருதி ஒரே நிறமாக்கிவிடுகின்றன; கோப்பு சிறிதாகும் என்பதே நோக்கம். `oxipng` கருவியின் `--alpha`, `zopflipng` கருவியின் `--lossy_transparent` இரண்டும் அப்படிப்பட்டவை. `cwebp` கருவியோ, `-exact` என்று சொல்லாவிட்டால் மறைந்த நிறங்களைப் பாதுகாக்காது. ஜிம்பில் ஏற்றுமதி செய்யும்போது `Save color values from transparent pixels` என்ற பெட்டியைத் தெரிவுசெய்யாவிட்டாலும் இதுவே நடக்கும்.

இனி யாரும் சிறிதாக்கப்போவதில்லை என்ற இறுதிக் கோப்புக்கு இந்தத் தெரிவுகளால் கேடில்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். சேவையகத்துக்குப் போகும் பெரிய கோப்பில் மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

## 10. ஒப்படைக்குமுன் பார்க்க வேண்டியது

சிறிய கோப்பை மூன்று நிறங்களின் மேல் வைத்துப் பாருங்கள்: அது அமரப்போகும் உண்மை நிறம், தூய கறுப்பு, தூய வெள்ளை. கறுப்பின் மேல் வெளிர்க்கோடும், வெள்ளையின் மேல் கருங்கோடும் அகப்படும். 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, புள்ளி, சுழி போன்ற மிகச் சிறிய உறுப்பையே பாருங்கள். தடித்த கோட்டில் தெரியாத கசிவு அங்கே தெரியும்.

ஐயம் எஞ்சினால் சிறிய கோப்பிலும் `-alpha off` செய்து பாருங்கள். எங்கள் திருத்திய 150 பிக்சல் கோப்பில் எழுத்துகள் தங்க நிறப் படிக்கட்டுகளாகத் தெரிந்தன; பழைய கோப்பில் ஓரங்கள் மழமழவென்று வெள்ளைக்குள் கரைந்திருந்தன. தம்பி இரண்டையும் அருகருகே வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தோட்டின் படத்தையும் திறந்து தானாகவே `-alpha off` செய்தார். அதில் சிறிதாக்குமுன்பே ஓரம் கரைந்திருந்தது.